சப்செட் சம்: O(nT) அல்காரிதம் இருந்தும் அது ஏன் என்பி-முழுமை?

கேள்வி: கொடுத்த n எண்களில் சிலவற்றைக் கூட்டி T என்ற இலக்கைச் சரியாக எட்ட முடியுமா என்று கேட்கும் சப்செட் சம் கணக்கை, கிடைக்கும் கூட்டுத்தொகைகளை அட்டவணையில் குறித்துக்கொண்டே போகும் டைனமிக் புரோகிராமிங்கில் போட்டால் O(nT) நேரத்தில் முடிந்துவிடுகிறது. அது பாலினோமியல்தானே? அப்புறம் ஏன் அதை என்பி-முழுமை என்கிறார்கள்? "உள்ளீட்டின் நீளம்" என்று சொல்வது n இல்லையா?

பதில்:

n, T இரண்டையும் வைத்துப் பார்த்தால் O(nT) பாலினோமியல்தான், அதில் தகராறு இல்லை. என்பி என்பது, ஆம் என்ற விடையைப் பாலினோமியல் நேரத்தில் சரிபார்க்கக்கூடிய கணக்குகள்; அவற்றில் மிகக் கடினமானவைதான் என்பி-முழுமை. ஆனால் பாலினோமியல் நேரம், என்பி ஆகியவற்றின் வரையறையில் n-உம் வராது, T-உம் வராது. அங்கே வருவது ஒரே ஓர் அளவு: உள்ளீட்டை எழுத எத்தனை குறிகள் செலவாயின என்பது. T-ஐ எழுத ஏறக்குறைய log T குறிகள் போதும். அந்த அளவை வைத்துப் பார்த்தால் T என்பது எக்ஸ்பொனென்ஷியல்.

சுருக்கமான விடை இவ்வளவுதான். ஆனால் இதை மட்டும் கேட்டுக்கொண்டு போகிறவர்களில் பாதிப் பேருக்கு, "எண்ணை எழுதும் முறையை வைத்து ஏதோ வித்தை காட்டுகிறார்கள்" என்ற சந்தேகம் மனதில் தங்கிவிடுகிறது. அது வித்தை இல்லை என்பதை இரண்டு பக்கத்திலிருந்தும் பார்க்க வேண்டும். நீளம் என்பதை முறைப்படி எப்படி அளக்கிறோம் என்பது ஒன்று. என்பி-முழுமைக்கான நிரூபணம் எந்த மாதிரி எண்களை உருவாக்குகிறது என்பது இன்னொன்று. இரண்டாவதைப் பார்க்காமல் முதலாவது முழுசாகப் புரியாது என்பது என் கருத்து.

முதலில் நீளம். டியூரிங் மெஷினுக்கு எண் என்றால் என்னவென்று தெரியாது. அதற்குத் தெரிந்தது நாடாவில் இருக்கும் குறிகள் மட்டும்தான். ஆகவே முடிவுள்ள ஒரு குறித்தொகுப்பை முதலில் வைத்துக்கொள்கிறோம். நமக்கு 0, 1, # என்ற மூன்று குறிகள் போதும். கணக்கின் ஒவ்வொரு உதாரணத்தையும் இந்தக் குறிகளால் ஆன ஒரு சரமாக எழுதுகிறோம். அந்தச் சரத்தை x என்றால் அதிலுள்ள குறிகளின் எண்ணிக்கைதான் |x|. "கணக்கு" என்பதே முறைப்படி சொன்னால், ஆம் என்று விடை வரும் சரங்களின் தொகுப்பு. அதை மொழி என்பார்கள். ஒரு மெஷின் பாலினோமியல் நேரத்தில் ஓடுகிறது என்றால், ஏதாவது ஒரு மாறிலி k இருக்கிறது, எந்த x-ஐக் கொடுத்தாலும் |x|^k + k அடிகளுக்குள் அது நின்றுவிடுகிறது என்று பொருள். வரையறை அத்தோடு முடிந்தது. எத்தனை எண்கள், எவ்வளவு பெரியவை என்ற கேள்வியே அதில் இல்லை.

ஒரு சின்ன உதாரணம் எடுப்போம். எண்கள் 7, 12, 19, 26, 40; இலக்கு T = 59. (19 + 40 = 59, ஆகவே விடை ஆம்.) பைனரியில் எழுதி, எண்களுக்கு இடையே # போட்டு, இலக்குக்கு முன் ## போட்டால் நாடாவில் இப்படி இருக்கும்:

```
111#1100#10011#11010#101000##111011
```

எண்ணிப் பாருங்கள்: 35 குறிகள். இதுதான் இந்த உள்ளீட்டின் நீளம். n = 5 என்பது நீளம் அல்ல, T = 59-உம் அல்ல.

இப்போது எல்லா எண்களையும் இலக்கையும் 1024-ஆல் பெருக்குங்கள். பைனரியில் இது ஒவ்வொன்றின் பின்னாலும் பத்துச் சுழியம் ஒட்டுவதுதான். ஆறு எண்களுக்கு 60 குறிகள் கூடி நீளம் 95 ஆகிறது. மூன்று மடங்குகூட இல்லை. ஆனால் T 59-லிருந்து 60,416 ஆகிவிட்டது. டைனமிக் புரோகிராமிங் அட்டவணை அதே 1024 மடங்கு பெருத்துவிட்டது. இன்னொரு பத்து பிட் சேர்த்தால் நீளம் 155, வேலையோ முதலில் இருந்ததைப்போல் பத்து லட்சம் மடங்குக்கும் மேல். நீளத்தில் 60 கூடும்போதெல்லாம் வேலை 1024-ஆல் பெருகுகிறது. கூட்டலுக்குப் பெருக்கல் விடையாக வந்தால் அதற்குப் பெயர்தான் எக்ஸ்பொனென்ஷியல்.

பொதுக் காரணியால் வகுத்துவிட்டால் பழைய கணக்கே திரும்ப வந்துவிடுமே என்று யாராவது கேட்பார்கள். கேட்கட்டும். பின்னால் ஒட்டிய பத்து பிட்களில் சுழியத்துக்குப் பதில் ஏதாவது தாறுமாறாக நிரப்புங்கள், பொதுக் காரணி போய்விடும். நீளமும் T-யின் அளவும் அப்படியே இருக்கும்.

பொதுவாகச் சொன்னால், n எண்கள், ஒவ்வொன்றும் இலக்கும் b பிட் என்றால் நீளம் சுமார் n·b. T கிட்டத்தட்ட 2^b வரை போகலாம். ஆகவே O(nT) என்பது O(n·2^b). இதை (n·b)-யின் எந்த அடுக்குக்குள்ளும் அடக்க முடியாது.

நினைவகத்தை வைத்துப் பார்த்தால் இது இன்னும் கண்ணில் படும். இதே அல்காரிதத்தைப் பைத்தானில் ஒரு பெரிய முழு எண்ணின் பிட்களையே அட்டவணையாக வைத்து எழுதலாம்:

```python
def subset_sum(a, T):
    mask = (1 << (T + 1)) - 1
    reach = 1
    for x in a:
        reach |= (reach << x) & mask
    return (reach >> T) & 1 == 1
```

`reach`-இன் s-ஆவது பிட் 1 என்றால் s என்ற கூட்டுத்தொகை கிடைக்கும் என்று பொருள். T = 10^6 என்றால் இந்த அட்டவணைக்கு 125 கிலோபைட் போதும்; கண் இமைக்கும் நேரத்தில் முடியும். T = 10^12 என்றால் 125 ஜிகாபைட் வேண்டும். T-ஐத் தட்டச்சு செய்பவருக்கு வித்தியாசம் ஆறு சுழியம். T = 10^30 என்றால் இன்னும் 18 சுழியம்தான், ஆனால் அந்த அட்டவணையை வைக்க உலகத்தில் இடம் கிடையாது. அல்காரிதம் பாலினோமியலா இல்லையா என்று சந்தேகம் வந்தால் செய்ய வேண்டிய சோதனை இதுதான்: எண்களின் எண்ணிக்கையை மாற்றாமல் இலக்கங்களை மட்டும் கூட்டிக்கொண்டே போய் நேரத்தை அளந்து பாருங்கள். ஓர் இலக்கத்துக்குப் பத்து மடங்கு ஆகிறது என்றால் அது எண்ணின் மதிப்பைத் தின்கிறது, நீளத்தை அல்ல.

"சரி, அப்படியானால் n மட்டும் எப்படி நல்ல பிள்ளையாக இருக்கிறது? அதுவும் ஓர் எண்தானே?" என்பது அடுத்து வரும் கேள்வி. n எங்கேயும் எழுதப்படவில்லை என்பதைக் கவனியுங்கள். n எண்கள் இருக்கின்றன என்றால் அந்த n எண்களும் நாடாவில் ஒவ்வொன்றாக உட்கார்ந்திருக்கின்றன. ஒவ்வொன்றும் குறைந்தது ஒரு குறியாவது பிடிக்கும். ஆகவே n ஒருநாளும் |x|-ஐத் தாண்டாது. T-யின் கதை வேறு. T பொருள்கள் நாடாவில் கிடையாது. T-யின் பெயர் மட்டும்தான் இருக்கிறது. கிராஃப் கணக்குகளில் n முனைகள், m விளிம்புகள் என்று வைத்து O(nm) என்று எழுதும்போது யாரும் பதறாததற்குக் காரணம் இதுவே. அங்கே n, m இரண்டும் எண்ணப்படும் பொருள்கள். இங்கே T என்பது எண்ணின் மதிப்பு. O-வுக்குள் எழுதும்போது இரண்டும் ஒரே மாதிரி ஓர் எழுத்தாகத் தெரிவதுதான் குழப்பத்தின் வேர்.

எழுதும் முறையை மாற்றினால்? பைனரிக்குப் பதில் பதின்ம முறையில் எழுதினால் நீளம் சுமார் 3.32-இல் ஒரு பங்காகக் குறையும். அது மாறிலிக் காரணி. பாலினோமியல் பாலினோமியலாகவே இருக்கும், எக்ஸ்பொனென்ஷியல் எக்ஸ்பொனென்ஷியலாகவே இருக்கும். இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட எந்த அடிமானத்தை எடுத்தாலும் இப்படித்தான். விதிவிலக்கு ஒன்றே ஒன்று: 7 என்பதற்கு ஏழு கோடு போடும் யூனரி முறை. நம் உதாரணத்தை அப்படி எழுதினால் கோடுகள் மட்டுமே 163 வரும், பிரிக்கும் குறிகளோடு 169. இந்த முறையில் T கோடுகளும் நாடாவில் உண்மையாகவே இருப்பதால் T ≤ |x|, n ≤ |x|, ஆகவே nT ≤ |x|². அதே அல்காரிதம் இப்போது பாலினோமியல்! அதாவது யூனரி சப்செட் சம் சந்தேகமே இல்லாமல் பாலினோமியல் நேரத்தில் தீர்கிறது.

இதில் முரண்பாடு இல்லை. பைனரி சரங்களின் தொகுப்பும் யூனரி சரங்களின் தொகுப்பும் இரண்டு வெவ்வேறு மொழிகள். முதலாவது என்பி-முழுமை, இரண்டாவது எளிது. அல்காரிதம் வேகமாகிவிடவில்லை, 35 குறிகளில் முடிய வேண்டியதை 169 குறிகளுக்கு இழுத்து, அதைப் படிக்கவே ஆகும் நேரத்தோடு ஒப்பிட்டு நல்ல பெயர் வாங்கிக்கொண்டது, அவ்வளவே. இலக்கங்கள் கூடக்கூட இந்த இழுவை எக்ஸ்பொனென்ஷியலாகும். அதனால்தான் கோட்பாட்டில் "நியாயமான குறிமுறை" என்று ஒரு நிபந்தனை போடுகிறார்கள்: எண்களை இரண்டுக்குக் குறையாத அடிமானத்தில் எழுத வேண்டும், தேவையில்லாமல் நீட்டி நிரப்பக் கூடாது.

பைனரிதான் சரியான அளவுகோல் என்பதற்கு எனக்குப் பிடித்த சாட்சி என்பி உலகத்துக்கு வெளியே இருக்கிறது. N பகா எண்ணா என்று பார்க்க √N வரை வகுத்துப் பார்க்கும் பள்ளிக்கூட முறையும் இதே ரகம்: N-இன் மதிப்பில் பாலினோமியல், நீளத்தில் எக்ஸ்பொனென்ஷியல். அந்த முறையையே "பாலினோமியல்" என்று ஏற்றுக்கொண்டிருந்தால், 2002-இல் கான்பூர் ஐஐடியில் மணீந்திர அகர்வால், நீரஜ் கயால், நிதின் சக்சேனா மூவரும் log N-இல் பாலினோமியலாக ஓடும் பகா எண் சோதனையைக் கண்டுபிடித்தபோது உலகம் திரும்பிப் பார்த்திருக்காது. அதே வகுத்துப்பார்க்கும் முறையில் 617 இலக்க ஆர்எஸ்ஏ எண் ஒன்றைக் காரணிப்படுத்த முடியும் என்று யாரும் கவலைப்படுவதும் இல்லை. இன்னொன்றும் இதில் தெரிகிறது: கைவசம் இருக்கும் அல்காரிதம் மதிப்பைப் பொறுத்து ஓடுகிறது என்பதால் மட்டும் கணக்கு கடினமாகிவிடாது. கடினம் என்று சொல்லத் தனியாக நிரூபணம் வேண்டும்.

அந்த நிரூபணத்துக்கு வருவோம். சப்செட் சம் என்பி-யில் இருப்பது எளிது: விடை ஆம் என்றால் எந்தெந்த எண்கள் என்று n பிட்களில் சொல்லிவிடலாம், கூட்டிச் சரிபார்ப்பது இலக்கம் இலக்கமாகச் செய்யும் கூட்டல்தான். கடினம் என்ற பகுதியை முதலில் காட்டியவர் ரிச்சர்ட் கார்ப். 1972-இல் அவர் கொடுத்த 21 கணக்குகளின் பட்டியலில் நாப்சாக் என்ற பெயரில் இருப்பது உண்மையில் சப்செட் சம்தான். அவர் எக்ஸாக்ட் கவர் என்ற கணக்கிலிருந்து அதற்கு வந்தார். பாடநூல்களில் வழக்கமாக 3-சாட்டிலிருந்து வருவார்கள்: கூறு ஒவ்வொன்றிலும் மூன்று மாறிகள் வரும் ஒரு தர்க்கச் சூத்திரத்தை, மாறிகளுக்கு உண்மை அல்லது பொய் என்று மதிப்புக் கொடுத்து உண்மையாக்க முடியுமா என்பது அந்தக் கணக்கு. நாமும் அப்படியே போவோம், ஏனென்றால் எண்கள் எங்கிருந்து பெரிதாகின்றன என்பது அதில் பளிச்சென்று தெரியும்.

சூத்திரம் இது: (x1 ∨ x2 ∨ ¬x3) ∧ (¬x1 ∨ x2 ∨ x3). மூன்று மாறிகள், இரண்டு கூறுகள். ஐந்து இலக்கப் பதின்ம எண்களை உருவாக்குகிறோம். முதல் மூன்று இலக்கங்கள் மாறிகளுக்கு, கடைசி இரண்டு கூறுகளுக்கு. ஒவ்வொரு மாறிக்கும் இரண்டு எண்கள்: அது உண்மை என்பதற்கு ஒன்று, பொய் என்பதற்கு ஒன்று. தன் மாறியின் நெடுவரிசையில் 1, தான் நிறைவேற்றும் கூறுகளின் நெடுவரிசையில் 1, மற்ற இடங்களில் 0.

```
x1 உண்மை : 1 0 0 1 0
x1 பொய்  : 1 0 0 0 1
x2 உண்மை : 0 1 0 1 1
x2 பொய்  : 0 1 0 0 0
x3 உண்மை : 0 0 1 0 1
x3 பொய்  : 0 0 1 1 0
நிரப்பி   : 0 0 0 1 0   (இரண்டு முறை)
நிரப்பி   : 0 0 0 0 1   (இரண்டு முறை)
இலக்கு T : 1 1 1 3 3
```

மாறி நெடுவரிசைகளில் இலக்கு 1 என்பதால், ஒவ்வொரு மாறிக்கும் உண்மை, பொய் இரண்டில் சரியாக ஒன்றைத்தான் எடுக்க முடியும். கூறு நெடுவரிசைகளில் இலக்கு 3; நிரப்பிகள் இரண்டுக்கு மேல் தராது; ஆகவே மாறிகளிலிருந்து குறைந்தது ஒன்றாவது வந்தே ஆக வேண்டும், அதாவது அந்தக் கூறு நிறைவேற வேண்டும். எந்த நெடுவரிசையிலும் எல்லாவற்றையும் கூட்டினால்கூட 5-ஐத் தாண்டாது என்பதால் பக்கத்து இலக்கத்துக்கு மிச்சம் ஏறாது. இதுதான் நிரூபணத்தின் உயிர்நாடி: ஒவ்வொரு இலக்கமும் அடுத்ததோடு பேசாமல் தனியாக ஒரு நிபந்தனையைக் காவல் காக்கிறது.

போட்டுப் பார்ப்போம். x1 உண்மை, x2 பொய், x3 உண்மை: 10010 + 1000 + 101 = 11111. நான்கு நிரப்பிகளையும் சேர்த்தால் 22 கூடி 11133, இலக்கு வந்துவிட்டது. x3-ஐப் பொய் ஆக்கினால் 10010 + 1000 + 110 = 11120. கடைசி நெடுவரிசையில் 0 இருக்கிறது. இரண்டு நிரப்பிகளையும் போட்டாலும் அங்கே 2-தான் வரும். சூத்திரத்தைப் பாருங்கள், அந்த மதிப்புகளுக்கு இரண்டாவது கூறு உண்மையாகவே பொய்தான்.

இப்போது அளவைக் கவனியுங்கள். v மாறிகள், m கூறுகள் என்றால் 2(v + m) எண்கள் வருகின்றன, ஒவ்வொன்றும் அதிகபட்சம் v + m இலக்கம். எழுத வேண்டிய மொத்த இலக்கங்கள் சுமார் 2(v + m)². இது பாலினோமியல், ஒரு சின்ன புரோகிராம் நொடியில் எழுதிவிடும். ஆனால் அந்த எண்களின் மதிப்பு 10^(v+m) அளவு. 50 மாறிகள், 200 கூறுகள் கொண்ட ஒரு சூத்திரத்தை எடுத்தால் 500 எண்கள், ஒவ்வொன்றும் 250 இலக்கம் வரை, மொத்தம் ஒன்றேகால் லட்சம் இலக்கங்கள். மின்னஞ்சலில் இணைத்து அனுப்பலாம். T-யின் மதிப்போ 10^249-ஐத் தாண்டுகிறது.

இதை O(nT) அல்காரிதத்திடம் கொடுத்தால் என்ன ஆகும்? காணக்கூடிய பிரபஞ்சத்தில் இருப்பதாகக் கணிக்கப்படும் அணுக்களே 10^80 அளவில்தான். அதைவிடப் பல மடங்கு பெரிய அட்டவணை கேட்கும். அது மட்டும் இல்லை. மூலச் சூத்திரத்துக்கு மாறி மதிப்புகளை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தாலே 2^50, அதாவது சுமார் 10^15 முயற்சிகள்தான். சாட்டைச் சப்செட் சம்மாக மாற்றி டைனமிக் புரோகிராமிங் போடுவது, எதுவுமே யோசிக்காமல் முயன்று பார்ப்பதைவிட ஒப்பிடவே முடியாத அளவு மோசம். ஒரு "பாலினோமியல்" அல்காரிதம் இருந்தும் P = NP ஆகிவிடாததன், அதாவது என்பி கணக்குகள் எல்லாமே பாலினோமியல் நேரத்தில் தீர்ந்துவிடாததன், காரணம் இங்கேதான் இருக்கிறது. ஒரு கணக்கை இன்னொன்றாக மாற்றும் ரிடக்‌ஷன் எண்களை நீளமாக்கித்தான் தகவலைப் பொதிகிறது. அல்காரிதம் நீளமான எண்களில்தான் செத்துப்போகிறது. இரண்டும் எங்கேயும் சந்திப்பதில்லை.

இதே ரிடக்‌ஷனை யூனரிக்குச் செய்தால் என்ன என்றும் கேட்கலாம். செய்ய முடியாது. 10^249 கோடுகளை எழுதி முடிக்கவே எக்ஸ்பொனென்ஷியல் நேரம் ஆகும், ஆகவே அது பாலினோமியல் நேர ரிடக்‌ஷனே அல்ல. குறிமுறையை மாற்றினால் கணக்கு எளிதாவதும், கடினம் என்ற நிரூபணம் உடைவதும் ஒரே இடத்தில்தான் நடக்கின்றன.

இப்படி மதிப்பைப் பொறுத்துப் பாலினோமியலாக ஓடும் அல்காரிதங்களுக்குத்தான் சூடோ-பாலினோமியல் என்று பெயர். இதை ஒழுங்குபடுத்தியவர்கள் மைக்கேல் கேரியும் டேவிட் ஜான்சனும். ஒவ்வோர் உள்ளீட்டுக்கும் அவர்கள் இரண்டு அளவுகளை வைக்கிறார்கள்: நீளம் ஒன்று, உள்ளே இருக்கும் மிகப் பெரிய எண்ணின் மதிப்பு இன்னொன்று. நேரம் இந்த இரண்டின் பாலினோமியலுக்குள் இருந்தால் சூடோ-பாலினோமியல். இந்தப் பார்வையில் என்பி-முழுமைக் கணக்குகளே இரண்டு ரகமாகப் பிரிகின்றன. சப்செட் சம், பார்ட்டிஷன், நாப்சாக் போன்றவற்றில் கடினம் முழுவதும் எண்களின் நீளத்தில் ஒளிந்திருக்கிறது. எண்களைச் சின்னதாக்கினால் கடினமும் போய்விடும். 3-பார்ட்டிஷன் அப்படி இல்லை. 3m எண்களை, ஒவ்வொரு குழுவிலும் மூன்றாக, எல்லாக் குழுவுக்கும் ஒரே கூட்டுத்தொகை வரும்படி m குழுவாகப் பிரிக்க முடியுமா என்பது அந்தக் கணக்கு. அதை யூனரியில் எழுதினாலும் என்பி-முழுமையாகவே இருக்கிறது. அங்கே கடினம் எண்களில் இல்லை, சேர்க்கையில் இருக்கிறது. அதற்கு ஒரு சூடோ-பாலினோமியல் அல்காரிதம் கிடைத்தால் அன்றைக்கே P = NP. முதல் ரகத்தைப் பலவீனமான என்பி-முழுமை என்றும் இரண்டாவதை வலுவான என்பி-முழுமை என்றும் சொல்வார்கள். உங்கள் கேள்வியில் இருந்த உறுத்தல் நியாயமானதே. "பலவீனமான" என்ற அடைமொழி அந்த உறுத்தலுக்குத் துறை கொடுத்த அங்கீகாரம்.

நடைமுறையில் ஓர் உதாரணத்தைப் பார்த்ததும் n, b இரண்டையும் தனித்தனியாகப் பாருங்கள். n ஆயிரமாக இருந்து T ஒரு லட்சமாக இருந்தால் மேலே உள்ள ஐந்து வரியே போதும். n நாற்பதாக இருந்து எண்கள் 60 பிட் என்றால் அந்த அட்டவணையைத் தொடவே வேண்டாம். எண்களை இருபது இருபதாக இரண்டு பாதியாக்கி, ஒவ்வொரு பாதியிலும் சுமார் பத்து லட்சம் கூட்டுத்தொகைகளைப் பட்டியலிட்டு வரிசைப்படுத்தி, ஒன்றிலிருந்து ஒன்றும் மற்றதிலிருந்து ஒன்றும் எடுத்தால் T வருகிறதா என்று பாருங்கள். ஹொரோவிட்ஸும் சாஹ்னியும் 1974-இல் கொடுத்த இந்த முறை 2^(n/2) அளவில் ஓடும், எண் எவ்வளவு நீளம் என்பது அதற்குப் பெரிய பொருட்டல்ல. n, b இரண்டும் சேர்ந்து பெரிதாகும் இடத்தில்தான் உண்மையான சிரமம்.

"இரண்டும் சேர்ந்து" என்பதிலிருந்து ஒரு அழகான விளைவு வருகிறது, பாடநூல்களில் இதை அதிகம் பார்க்க முடிவதில்லை. மொத்த நீளத்தை L என்போம். √L பிட்களுக்கு மேல் நீளமான எண்களைப் பெரியவை என்று பிரியுங்கள். மொத்தமே L குறிகள்தான் என்பதால் பெரியவை √L-க்கு மேல் இருக்க முடியாது. அவற்றின் எல்லா உட்கணங்களும் சேர்ந்து 2^√L-ஐத் தாண்டாது. மீதி எண்கள் சின்னவை, ஒவ்வொன்றும் 2^√L-க்கு உட்பட்டவை, அதிகபட்சம் L எண்கள். அவற்றுக்கு அட்டவணை போட்டால் அது L·2^√L அளவுக்குள் அடங்கும். பெரியவற்றின் ஒவ்வொரு கூட்டுத்தொகை S-க்கும் T − S அந்த அட்டவணையில் இருக்கிறதா என்று பார்த்தால் வேலை முடிந்தது. மொத்த நேரம் 2^√L-ஐ L-இன் ஒரு பாலினோமியலால் பெருக்கினால் வரும் அளவு. அதாவது நீளத்தை முறைப்படி அளந்தால் சப்செட் சம் 2^L அளவுக்குக் கடினமே இல்லை, அடுக்கில் வர்க்கமூலம்தான் நிற்கிறது. ஸ்டெர்ன்ஸும் ஹண்ட்டும் 1990-இல் இதைக் கவனித்து எழுதினார்கள்.

இதை வைத்துக்கொண்டு சாட்டை வேகமாகத் தீர்த்துவிடலாமோ என்று தோன்றினால், நம் ரிடக்‌ஷனின் அளவைத் திரும்பப் பாருங்கள். அது எழுதிய நீளம் L சுமார் 2(v + m)² இலக்கங்கள். அதன் வர்க்கமூலம் சுமார் 1.41(v + m). ஆகவே இந்த அல்காரிதம் சாட்டுக்குக் கொடுப்பது 2-இன் அடுக்கில் v + m-இன் ஏதோ ஒரு மடங்கு. வெறுமனே முயன்று பார்த்தால் 2^v போதும். ரிடக்‌ஷன் உள்ளீட்டை வர்க்க அளவுக்கு ஊதியது, அல்காரிதம் வர்க்கமூலம் எடுத்தது. இரண்டும் ஒன்றையொன்று சரியாகக் கழித்துக்கொண்டுவிட்டன.